ஒரே கோவை, இரண்டு இருபக்க விடைகள், இரண்டும் சரி: ஓர் எதிர் ஃபில்டர் வேலையில் ஆர்ஓசி எழுதாமல் விட்டபோது நடந்தது

## பின்னணி

நாங்கள் நாலு பேர். பதிவு செய்து வைத்திருக்கும் அதிர்வுத் தரவில் உணரி தன் பங்குக்குச் சேர்த்துவிடும் மங்கலை நீக்கி, மூல அலையைத் திரும்ப எடுப்பதுதான் வேலை. உணரி என்ன செய்கிறது என்பது ஒரு ஃபில்டராகத் தெரிந்துவிட்டால் அதற்கு நேர் எதிரான ஃபில்டரை எழுதி தரவின் மேல் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். தரவு முழுவதும் ஏற்கெனவே வட்டில் இருக்கிறது. அதனால் ஒரு சாம்பிளைத் திருத்த அதற்கு முன்னால் வந்ததையும் பார்க்கலாம், பின்னால் வரப்போவதையும் பார்க்கலாம். இந்தச் சலுகை இருப்பதால்தான் இருபக்க வரிசை என்ற பேச்சே இந்த வேலையில் வருகிறது.

உண்மையான உணரியின் எண்களுக்குப் போவதற்கு முன்னால், கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய எண்களில் ஒரு சோதனை ஃபில்டரை வைத்துக்கொண்டோம்:

`H(z) = (1 - 0.5 z^-1)(1 - 2 z^-1)(1 - 3 z^-1)`

விரித்தால் `1 - 5.5 z^-1 + 8.5 z^-2 - 3 z^-3`. அதாவது நாலே நாலு எண்கள்: 1, -5.5, 8.5, -3. தெரிந்த ஒரு 200 சாம்பிள் சிக்னலை இதன் வழியாக அனுப்பி மங்கலாக்குவது, அப்புறம் எதிர் ஃபில்டரால் மீட்டு மூலத்தோடு ஒப்பிடுவது. இதுதான் திட்டம்.

எதிர் ஃபில்டர் `X(z) = 1/H(z)`. H(z) பூஜ்யமாகும் 0.5, 2, 3 என்ற மூன்று இடங்களும் இதற்குத் துருவங்கள். வேலையை ஒதுக்கும்போது குறிப்பில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "X(z)-இன் இருபக்க வரிசையை எடுத்து, -20 முதல் 20 வரை வெட்டிப் பயன்படுத்தவும்." ஆர்ஓசி எது, அதாவது z-தளத்தின் எந்த வளையத்தில் தொடர் ஒருங்க வேண்டும் என்று எழுதவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவன் நான். இருபக்கம் என்று சொன்னாலே போதும், வேறு எதுவும் அதற்குள் வராது என்று நம்பித்தான் எழுதினேன்.

## என்ன நடந்தது

ஒன்றுக்கொன்று சரிபார்த்துக்கொள்ள வசதியாக இரண்டு பேர் தனித்தனியாகச் செய்தார்கள். ஒருவர் காகிதத்தில் போட்டார். மற்றவர் எங்களிடம் ஏற்கெனவே இருந்த ஒரு பழைய நிரலை எடுத்து ஓட்டினார். பகுதிப் பின்னமாகப் பிரித்தது இருவருக்கும் ஒரே மாதிரிதான் வந்தது:

`X(z) = (1/15)/(1 - 0.5 z^-1) - (8/3)/(1 - 2 z^-1) + (18/5)/(1 - 3 z^-1)`

பின்னங்களின் மேலே உள்ள மூன்று எண்களையும் குறியோடு கூட்டினால் 1 வரும், அதனால் பிரித்ததில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் இதிலிருந்து இறங்கிய வரிசைகள் ஒத்துப்போகவில்லை. காகிதத்தில் போட்டவருக்கு n = 0-இல் 0.0667 வந்தது, நிரல் ஓட்டியவருக்கு -2.6. அடுத்த சாம்பிளில் ஒருவருக்கு 0.0333, மற்றவருக்கு -5.3. குறியும் வேறு, அளவும் வேறு.

வழக்கமாகச் செய்யும் சோதனையை இருவரும் செய்தார்கள். எதிர் ஃபில்டரை மூல ஃபில்டரோடு கன்வல்யூஷன் செய்தால் n = 0-இல் 1, மற்ற இடமெல்லாம் 0 என்று ஒரு இம்பல்ஸ் கிடைக்க வேண்டும். -5 முதல் 5 வரை அச்சிட்டுப் பார்த்தார்கள். இருவருக்கும் சுத்தமான இம்பல்ஸ்! "கணக்குல தப்பே இல்லைங்க, மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன்" என்று நிரல் ஓட்டியவர் சொன்னார். அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது, யாரோ ஒருவர் எங்கோ குறியை மாற்றிப் போட்டிருக்கிறார் என்றே நினைத்தோம். அந்தத் தேடலில் அரை நாள் போனது.

பிறகு இரண்டையும் சோதனைச் சிக்னலின் மேல் ஓட்டினோம். காகித வரிசை 200 சாம்பிளையும் மீட்டது, பிழை லட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. நிரல் தந்த வரிசையில் நடந்ததுதான் விசித்திரம். முதல் 21 சாம்பிள்கள் அச்சு அசலாக மூலத்தோடு பொருந்தின. n = 21-இல் வெளியீடு திடீரென்று 55,92,405-ஐத் தாண்டியது. மூல சிக்னலின் உச்ச அளவே 1 தான், n = 0-இல்.

## முதலில் எடுத்த முடிவு

பெரிய எண்கள் வந்ததால் தசமத் துல்லியம் போதவில்லை என்று ஒருவர் சொன்னார், வெட்டும் ஜன்னல் சின்னது என்று இன்னொருவர் சொன்னார். ஜன்னலை அகலமாக்கிப் பார்ப்பது சுலபம் என்பதால் அதையே முதலில் செய்தோம்: -20..20 என்பதை -40..40 ஆக்கினோம்.

காகித வரிசையின் பிழை பத்து லட்சம் மடங்கு இறங்கியது. நிரல் வரிசையில் வெடிப்பு n = 21-இலிருந்து n = 41-க்கு நகர்ந்தது, அளவு மட்டும் சுமார் 5.9 லட்சம் கோடியாக ஏறியது. இதைப் பார்த்ததும் துல்லியம் என்ற சந்தேகத்தைக் கைவிட்டேன். துல்லியக் குறைவால் வரும் பிழை நாம் வெட்டும் இடத்தைப் பார்த்து நகராது. ஜன்னலின் ஓரத்தோடு சேர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரட்டிக்கிறது என்றால் வெட்டப்பட்ட வால் வளர்கிற வால் என்று பொருள்.

## இரண்டையும் கழித்தபோது

குறிப் பிழையைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஒரு விடையிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இரண்டில் எது சரி என்று தெரியாதபோது, அவை எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைவிட எந்த வடிவத்தில் வேறுபடுகின்றன என்பதுதான் எனக்குப் பயன்படும். இதற்கு முன்பும் பயன்பட்டிருக்கிறது.

n = -1-இல் வித்தியாசம் 1.3333. n = 0-இல் 2.6667. n = 1-இல் 5.3333. இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போனாலும் அப்படியே, அடுத்தடுத்து இரட்டிப்பு. அதாவது எல்லா n-க்கும் வித்தியாசம் `(8/3)·2^n`. பகுதிப் பின்னத்தின் நடு உறுப்பில் இருக்கும் அதே 8/3, அதே 2. குறிப் பிழை நடந்திருந்தால் இவ்வளவு ஒழுங்கான எச்சம் மிஞ்சியிருக்காது.

இந்த `2^n` வரிசையை மூல ஃபில்டரின் வழியாக அனுப்பினால் என்ன வரும் என்று போட்டுப் பார்த்தோம்:

`2^n (1 - 5.5/2 + 8.5/4 - 3/8) = 2^n (1 - 2.75 + 2.125 - 0.375) = 0`

சுத்தமாகப் பூஜ்யம். H(z)-க்கு z = 2-இல் ஜீரோ இருக்கிறதே, அதன் பொருளே இதுதான்: `2^n` என்ற வரிசையை அது விழுங்கிவிடும். அதனால் ஒரு சரியான எதிர் வரிசையோடு `2^n`-ஐ எத்தனை மடங்கு வேண்டுமானாலும் கூட்டலாம், கன்வல்யூஷன் சோதனை அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எங்கள் இம்பல்ஸ் சோதனை இருவரையும் பாஸ் போட்டதற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

## ஒரே கோவை இரண்டாகப் பிரியும் இடம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். `1/(1 - 2 z^-1)` என்ற ஒற்றை உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். இதைப் பெருக்குத் தொடராக விரிக்க இரண்டு வழி உண்டு. z-இன் அளவு 2-ஐவிடப் பெரியது என்றால் `2 z^-1` ஒன்றைவிடச் சிறியது, ஆகவே `1 + 2 z^-1 + 4 z^-2 + ...` என்று விரிப்பது ஒருங்கும். வரிசையாகப் படித்தால் n = 0, 1, 2-இல் 1, 2, 4. வலப்பக்கம் போகிறது, வளர்கிறது.

z-இன் அளவு 2-ஐவிடச் சிறியது என்றால் மேலே உள்ள தொடர் ஒருங்காது. அப்போது `-z/2`-ஐ வெளியே எடுத்து `-(z/2 + z^2/4 + z^3/8 + ...)` என்று விரிக்க வேண்டும். z-இன் நேர் அடுக்குகள் எதிர்மறை n-ஐக் குறிக்கும் என்பதால் இது n = -1, -2, -3-இல் -1/2, -1/4, -1/8. இடப்பக்கம் போகிறது, தேய்கிறது. குறியும் கூடவே மாறுகிறது. இந்தக் குறி மாற்றத்தை மறப்பதுதான் கைக்கணக்கில் அடிக்கடி நடப்பது.

கோவையாக எழுதினால் இரண்டும் ஒன்றே, வரிசையாக எழுதினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எது வேண்டும் என்பதை கோவை சொல்லாது, z எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதுதான் சொல்லும். அந்தப் பகுதிக்குப் பெயர்தான் ஒருங்கும் பகுதி, நாங்கள் பேச்சில் ஆர்ஓசி என்போம்.

மூன்று துருவங்கள் இருக்கும்போது 0.5, 2, 3 என்ற மூன்று வட்டங்களும் தளத்தை நாலாகப் பிரிக்கின்றன. 3-க்கு வெளியே: மூன்று உறுப்பும் வலப்பக்கம். 0.5-க்கு உள்ளே: மூன்றும் இடப்பக்கம். நடுவில் இரண்டு வளையங்கள், இரண்டுமே இருபக்க வரிசை தரும். என் குறிப்பில் இருந்த "இருபக்க வரிசை" என்ற சொல் இந்த இரண்டையும் குறிக்கும்.

## கணக்கிட்ட ஜோடி

முதல் வளையம், `0.5 < |z| < 2`. காகிதத்தில் போட்டவர் எடுத்தது இது. 0.5 துருவம் வளையத்துக்கு உள்ளே கிடக்கிறது, எனவே அதன் உறுப்பு வலப்பக்கம். 2-உம் 3-உம் வெளியே கிடக்கின்றன, அவற்றின் உறுப்புகள் குறி மாறி இடப்பக்கம்:

```
n >= 0 :  x1[n] = (1/15)(0.5)^n
n <  0 :  x1[n] = (8/3) 2^n - (18/5) 3^n
```

எண்களாக, n = -3 தொடங்கி: 0.2, 0.2667, 0.1333, பிறகு n = 0-இல் 0.0667, அப்புறம் 0.0333, 0.0167. உச்சம் n = -2-இல், இரண்டு பக்கமும் தேய்கிறது. n = 0-இல் மூல ஃபில்டரோடு சேர்த்துப் பார்த்தால் `0.0667 - 5.5(0.1333) + 8.5(0.2667) - 3(0.2) = 1`. சரி.

இரண்டாவது வளையம், `2 < |z| < 3`. நிரல் தந்தது. இங்கே 2 என்ற துருவம் வளையத்துக்கு உள்பக்கம் வந்துவிட்டது, அதனால் அதன் உறுப்பு இடத்திலிருந்து வலத்துக்குத் தாவுகிறது. மாறியது அந்த ஒரே உறுப்புதான்:

```
n >= 0 :  x2[n] = (1/15)(0.5)^n - (8/3) 2^n
n <  0 :  x2[n] = -(18/5) 3^n
```

n = -3 தொடங்கி: -0.1333, -0.4, -1.2, பிறகு -2.6, -5.3, -10.65. இடப்பக்கம் வேகமாகத் தேய்கிறது, வலப்பக்கம் இரட்டித்துக்கொண்டே போகிறது. n = 0-இல் அதே சோதனை: `-2.6 + 5.5(1.2) - 8.5(0.4) + 3(0.1333) = 1`. இதுவும் சரி!

அப்படியானால் இரண்டையும் எதை வைத்துப் பிரிப்பது? கோவையில் ஒரு எண்ணைப் போட்டு வரும் மதிப்பு, வரிசையை அதே எண்ணில் கூட்டினால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வளையத்துக்குள் இருக்கும் z = 2.5-ஐ எடுத்தோம். கோவையில் போட்டால் `1/((0.8)(0.2)(-0.2)) = -31.25`. இரண்டாவது வரிசையை `2.5^-n`-ஆல் பெருக்கிக் கூட்டினால் வலப்பக்கம் -13.25, இடப்பக்கம் -18, மொத்தம் -31.25. அப்படியே பொருந்துகிறது. முதல் வரிசையை இதே இடத்தில் கூட்டினால் இடப்பக்கம் 2.5/2 என்ற விகிதத்தில் வளர்ந்து எதிலும் நிற்காது.

z = 1-இல் நிலைமை தலைகீழ். கோவை தரும் மதிப்பு 1. முதல் வரிசையில் வலப்பக்கக் கூட்டல் 2/15, இடப்பக்கம் 13/15, சேர்த்தால் 1. இரண்டாவது வரிசைக்கு z = 1-இல் கூட்டலே கிடையாது. ஆக இரண்டு வரிசையும் தத்தம் வளையத்துக்குள் அதே கோவையைத் தருகின்றன, அடுத்தவர் வளையத்துக்குள் எதையும் தருவதில்லை. எங்களுக்குள் இருந்த வாக்குவாதம் இந்தக் கணக்கோடு முடிந்தது.

## நிரல் ஏன் அந்த வளையத்தை எடுத்தது

பழைய நிரலைத் திறந்து பார்த்ததில் காரணம் இரண்டே வரியில் இருந்தது:

```python
p = sorted(poles, key=abs)
right, left = p[:-1], p[-1:]
```

துருவங்களை அளவுப்படி அடுக்கி, கடைசியை மட்டும் இடப்பக்கம் போட்டு, மற்ற எல்லாவற்றையும் வலப்பக்கம் போடுகிறது. இது எழுதப்பட்டது இரண்டே துருவம் உள்ள ஒரு வேலைக்காக. இரண்டு துருவம் என்றால் நடுவில் ஒரே வளையம்தான், இருபக்கம் என்று சொன்னால் அதில் குழப்பம் வர இடமே இல்லை, எனவே அந்த வேலையில் இந்த வரிகள் முழுக்கச் சரி. மூன்றாவது துருவம் வந்ததும் எப்போதும் வெளி வளையத்தையே எடுக்கும் நிரலாக அது மாறிவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் கிடைப்பது ஒரு முறையான வரிசைதான்.

வழக்கமான கருவிகளும் இதில் கைகொடுக்காது. `scipy.signal.residuez` பகுதிப் பின்னத்தின் எண்களையும் துருவங்களையும் தரும், ஆர்ஓசி பற்றி ஒரு வார்த்தை பேசாது, அதைச் சொல்ல வேண்டியது நாம்தான். `scipy.signal.lfilter`-இடம் `1/H(z)`-ஐக் கொடுத்தால் அது 3-க்கு வெளியே உள்ள பகுதியைத் தானாக எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் முந்தைய சாம்பிள்களை வைத்து அடுத்ததைக் கணக்கிடுவதுதான் அதன் வேலை. அதையும் ஓட்டிப் பார்த்தோம்: 1, 5.5, 21.75 என்று தொடங்கி n = 10-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இது மூன்றாவது முறையான விடை, எங்களுக்கு உதவாதது.

## இறுதி முடிவும் காரணமும்

முதல் வளையத்தை எடுத்தோம். காரணம் ஒன்றுதான்: அலகு வட்டம், அதாவது `|z| = 1`, அந்த வளையத்துக்குள் இருக்கிறது. அலகு வட்டம் ஆர்ஓசிக்குள் இருந்தால் வரிசையின் முழு அளவுகளைக் கூட்டினால் முடிவுள்ள எண் வரும், வரம்புக்குட்பட்ட உள்ளீட்டுக்கு வரம்புக்குட்பட்ட வெளியீடு கிடைக்கும், வாலைப் போதுமான தூரத்தில் வெட்டினால் போகிற அளவு சின்னதாக இருக்கும். எங்கள் வேலையோ வெட்டிப் பயன்படுத்துவது, அதனால் கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்கு முக்கியம். இரண்டாவது வளையத்தின் வரிசையை -20..20 என வெட்டியபோது n = 21, 22, 23-இல் மிஞ்சியவை முறையே 55.9 லட்சம், -1.96 கோடி, 83.9 லட்சம். நடுவில் சுத்தமான இம்பல்ஸ், ஓரத்தில் இது. நாங்கள் -5 முதல் 5 வரை மட்டும் அச்சிட்டதால் கண்ணில் படவில்லை.

இன்னொரு வழியிலும் உறுதி செய்துகொண்டோம். அலகு வட்டத்தின் மேலேயே கணக்கைச் செய்தால் அலகு வட்டம் அடங்கிய வளையத்தின் விடைதானே வர வேண்டும்:

```python
import numpy as np
h = [1, -5.5, 8.5, -3]
g = np.fft.ifft(1/np.fft.fft(h, 64)).real
print(g[:3], g[-3:])
```

முதல் மூன்று: 0.0667, 0.0333, 0.0167. கடைசி மூன்று: 0.2, 0.2667, 0.1333. எஃப்எஃப்டி வட்டமாகச் சுற்றுவதால் எதிர்மறை n-க்கு உரியவை கடைசியில் வந்து உட்காரும், g[-1] என்பது n = -1. காகித வரிசையோடு எண்ணுக்கு எண் பொருந்தியது. 64 என்ற நீளம் இங்கே தாராளம், ஏனென்றால் வால்கள் அதற்கு வெகு முன்பே தேய்ந்துவிடுகின்றன. வால் நீளமாக இருந்து நீளம் போதாமல் போனால் இடப்பக்க வாலும் வலப்பக்க வாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும், அப்போது இந்த எண்களை நம்பக் கூடாது.

இரண்டாவது வரிசையை தவறு என்று எங்கும் பதிவு செய்யவில்லை. `2 < |z| < 3` என்று கேட்டிருந்தால் அதுவே விடை, முதல் வரிசைதான் தவறாகியிருக்கும். பதிவில் எழுதியது: கேட்ட கேள்வி முழுமையாக இல்லை.

## பிறகு நடந்ததும் மாற்றியதும்

குறிப்புகளில் இனி கோவை தனியாக வராது, பக்கத்திலேயே வளையமும் எழுதப்படும். `X(z) = 1/H(z), 0.5 < |z| < 2` என்று. இருபக்கம், வலப்பக்கம், நிலையானது போன்ற சொற்களை விளக்கமாகச் சேர்க்கலாம், வளையத்துக்குப் பதிலாக வைக்கக் கூடாது. நிரலில் அந்த இரண்டு வரிகளை மாற்றி, வளையத்துக்குள் இருக்கும் ஓர் ஆரத்தை பயன்படுத்துபவரே தரும்படி செய்தோம்:

```python
assert all(abs(p) != r for p in poles)
right = [p for p in poles if abs(p) < r]
left  = [p for p in poles if abs(p) > r]
```

`r`-க்கு முன்னிருப்பு மதிப்பு எதுவும் வைக்கவில்லை. 1 என்று வைக்கலாமே என்று குழுவில் பேச்சு வந்தது. பெரும்பாலும் அதுதான் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் கொடுக்காமல் விட்டால் நிரல் ஓடக் கூடாது, ஒருவர் யோசித்துத் தர வேண்டும் என்பது என் பிடிவாதம், அப்படியே விட்டோம். ஏதாவது துருவத்தின் அளவு `r`-க்குச் சமமாக இருந்தால் நிரல் நின்றுவிடும். வளையங்களை எண்ணுவதிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது: 2-உம் -2-உம் துருவங்கள் என்றால் அவை இரண்டும் ஒரே வட்டத்தில் உட்காருகின்றன, இடையில் வளையம் கிடையாது. எண்ண வேண்டியது துருவங்களை அல்ல, வெவ்வேறு அளவுகளை.

இம்பல்ஸ் சோதனையை விட்டுவிடவில்லை, ஆனால் வெட்டிய ஜன்னலின் இரண்டு ஓரங்கள் வரைக்கும் முழுதாகப் பார்க்கிறோம். அதோடு `r` தூரத்தில் ஒரு z-ஐ எடுத்து, வரிசையைக் கூட்டி, கோவையின் மதிப்போடு ஒப்பிடும் சோதனையும் சேர்ந்தது. z = 2.5-இல் கையால் செய்த அதே கணக்கு.

அடுத்த வாரம் உண்மையான உணரியின் எண்களுக்குப் போனபோது வளையம் பற்றி யாருக்கும் கேள்வி எழவில்லை, ஆனால் வால் நீண்டது. அலகு வட்டத்துக்கு வெளியே இருந்த ஜீரோக்களில் மிக அருகில் கிடந்தது 1.05 தூரத்தில். சோதனை ஃபில்டரில் ஒவ்வொரு படிக்கும் பாதியான இடப்பக்க வால், இங்கே ஒரு படிக்கு ஐந்து சதவீதம்கூடக் குறையவில்லை. லட்சத்தில் ஒரு பங்காகத் தேய சுமார் 236 சாம்பிள் வேண்டியிருந்தது, எனவே -20 என்ற வெட்டை -240 ஆக்கினோம். தரவு வட்டில் இருப்பதால் எங்களுக்கு அது பாரமில்லை. இதையே நேரலையில் செய்ய வேண்டியிருந்தால் அந்த 240 சாம்பிளும் தாமதமாக மாறும், ஒவ்வொரு விடையும் அவ்வளவு காத்திருந்துதான் வரும். ஜீரோ அலகு வட்டத்தின் மேலேயே விழுந்திருந்தால் காத்திருந்தும் பயனில்லை: அலகு வட்டத்தை உள்ளடக்கிய வளையமே அந்தக் கோவைக்கு இருக்காது, `r = 1` என்று கொடுத்தால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.